நான்காவது அழுத்தம்

ஆரணிக்கு வெளியே, போளூர் போகும் சாலையில் இருக்கிற அந்தக் கல்லூரியில் ஜெசி கணினி அறிவியல் பாடம் நடத்தினாள். ஆறு வருடமாக அங்கே வேலை. ஜூலை மாதம் கல்லூரி திறந்தபோது, இதுவரை அவள் நடத்தாத ஒரு பாடத்தை முதல்வர் சிவப்பிரகாசம் அவள் தலையில் கட்டினார். கணிப்பியல் கோட்பாடு. அதுவரை அதை நடத்தியவர் அருள்பிரகாஷ். மார்ச் மாதம் போளூர் சாலை வளைவில் பைக்கில் போனபோது லாரி மோதி இறந்துபோனார்.

பாடத்தோடு சேர்ந்து அவளுக்கு இன்னொன்றும் வந்தது. இரண்டாவது கணினி ஆய்வகத்தின் கடைசியில் ஒரு பொருள் அறை. அதன் கதவுக்கு அருள்பிரகாஷே ஒரு பூட்டு செய்து மாட்டியிருந்தார். சாவி கிடையாது. சிவப்பு, கறுப்பு என்று இரண்டே பொத்தான்கள். சிவப்பை அழுத்தினால் மெல்லிய 'பீப்', கறுப்பை அழுத்தினால் தடித்த 'பீப்'. கரண்ட் போனாலும் அணையாதபடி பழைய யு.பி.எஸ். பேட்டரி ஒன்றோடு இணைத்திருந்தார். எந்த வரிசையில் அழுத்தினால் திறக்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மாணவர்கள் கேட்டால், "நாலு அழுத்தம், அவ்ளோதான் சொல்லுவேன்" என்று சிரிப்பார்.

அவர் இறந்த மறுநாள் மாணவர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, அந்தக் கதவின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். பொத்தான்கள் இருந்த பெட்டி போஸ்டருக்குள் மறைந்துபோனது. அதிலிருந்த சின்னப் பச்சை விளக்கு மட்டும் காகிதத்தின் வழியாக மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. சரியாக அவருடைய படத்தில் தொண்டைக்குழி இருக்கும் இடம்.

நான்கு மாதமாக யாரும் அந்தக் கதவைத் தொடவில்லை. ஆய்வக உதவியாளர் அய்யாக்கண்ணு பெருக்கும்போதுகூட கதவுக்கு இரண்டடி தள்ளியே துடைப்பத்தைத் திருப்பிவிடுவார்.

"விளக்கு எரிஞ்சிகினே இருக்குது மேடம். சாரு முழிச்சிகினு இருக்கிற மாதிரியே கீது" என்றார்.

பல்கலைக்கழக ஆய்வுக் குழு வரப்போகிறது, பழைய பதிவேடுகள் எல்லாம் அந்த அறைக்குள்தான் இருக்கின்றன, செவ்வாய்க்கிழமை தச்சரை வைத்துக் கதவை அறுத்துவிடலாம் என்று முதல்வர் சொன்னார். அறுப்பதற்கு முன்னால் போஸ்டரையாவது கிழியாமல் எடுத்துவிட வேண்டும் என்று ஜெசிக்குத் தோன்றியது. அருள்பிரகாஷின் முகத்தில் ரம்பம் இறங்குவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணி. ஆய்வகத்தில் வகுப்பு இல்லை. அய்யாக்கண்ணு ஜன்னல் பக்கம் நின்று ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். அடுத்த தெருவிலிருந்து தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஜெசி போஸ்டரின் மேல் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். பசை காய்ந்து சுலபமாக வந்தது. நடுவில் வந்தபோது காகிதம் கிழியத் தொடங்கியது. கிழிசல் முகத்துக்குப் போகாமலிருக்க, ஒரு ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

பீப்.

மெல்லிய சத்தம். அடுத்த நொடி கதவுக்குள் 'டக்' என்று எதுவோ விலகியது. கதவு தானாக ஒரு சாண் உள்ளே போய் நின்றது. போஸ்டரின் ஒரு பாதி கதவோடு போக, மறுபாதி ஜெசியின் கையில் இருந்தது.

ஒரே ஒரு அழுத்தம்.

அய்யாக்கண்ணு ஒயரைக் கீழே போட்டார். "மேடம், நீங்க இன்னா அமுக்கினீங்க?"

"ஒண்ணுமே அமுக்கலண்ணா. பேப்பரப் புடிச்சேன்."

"சாரு தொறந்து உட்டுட்டாரு" என்றார் அவர். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வாசல் பக்கம் நடந்தார். செருப்பை எடுக்கவும் மறந்துபோனார்.

ஜெசிக்கும் ஓடிவிடத் தோன்றியது. ஆனாலும் போகவில்லை. திறந்த இடைவெளி வழியாக அடைபட்ட காற்றின் வாடை வந்தது. தூசி, பழைய காகிதம், அதோடு கொஞ்சம் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அடுக்குகளில் பதிவேடுகள், சர்க்யூட் பலகைகள், ஒரு பெட்டி நிறைய மவுஸ். எதிரே மேசை மேல் ஒரு கறுப்பு ஹெல்மெட், கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி வாசலைப் பார்த்து இருந்தது. எண்ணெய் வாசனை அதிலிருந்துதான் வந்தது.

அருள்பிரகாஷ் ஹெல்மெட் இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவர். அன்றைக்கு மட்டும் ஏன் போடவில்லை என்று சாவு வீட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஜெசி ஹெல்மெட்டைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த அவருடைய பாடக் குறிப்பேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மாலைக்குள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அருள்பிரகாஷ் சார் கதவைத் திறந்தார். கேன்டீனில் அது இன்னும் வளர்ந்தது. உள்ளேயிருந்து மூச்சு விடும் சத்தம் கேட்டதாம். மறுநாள் காலை முதலாமாண்டு மாணவிகள் இரண்டாவது ஆய்வகத்துக்குள் வர மாட்டோம் என்று வராந்தாவிலேயே நின்றுவிட்டார்கள். யாரோ வாசற்படியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல்வர் ஜெசியைக் கூப்பிட்டார். "என்னம்மா இது பேஜாரு? கதவு தொறந்தது நல்லதுதான். ஆனா எப்படித் தொறந்துச்சுன்னு ஒரு காரணம் சொல்லுங்க. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல ஒருத்தன் பேய்னு எழுதிட்டுப் போனா நான் என்ன பண்றது?"

"பாக்குறேன் சார்" என்றாள் ஜெசி.

இரவு குறிப்பேட்டைப் புரட்டியிருந்தாள். ஒரு பக்கத்தில் பூட்டுக்கான அட்டவணை இருந்தது. ஐந்து நிலைகள், பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. ஒவ்வொரு நிலையிலும் சிவப்பு வந்தால் எங்கே, கறுப்பு வந்தால் எங்கே என்று இரண்டு கட்டங்கள். நான்காவது நிலையைச் சுற்றி இரட்டை வட்டம். இயந்திரம் அதில் நிற்கும் வரைக்கும் தாழ் விலகியிருக்கும். வரிசையும் கீழே இருந்தது: சிவப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு. நான்கு அழுத்தம் வேண்டும். தன் விரல் அழுத்தியது ஒன்றுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது மணிநேரம் மூன்றாமாண்டு வகுப்பு. அன்றைய பாடம் விரிவாக்கிய மாற்றச் சார்பு. பையன்கள் அதை 'டெல்டா ஹேட்' என்பார்கள், டெல்டா எழுத்தின் தலையில் ஒரு தொப்பி போட்டு எழுதுவதால். ஜெசி கரும்பலகையில் எழுதினாள்.

"டெல்டா உங்களுக்குத் தெரியும். ஒரு நிலை, ஒரே ஒரு எழுத்து. அடுத்த நிலை எதுன்னு சொல்லும். ஆனா மெஷினுக்கு நாம ஒரு எழுத்தோட நிறுத்துறதில்ல, முழுச் சரத்தை, அதாவது எழுத்து வரிசை முழுசையும், கொடுக்குறோம். முழுச் சரத்தையும் படிச்ச பிறகு எங்க நிக்கும்னு சொல்றதுதான் டெல்டா ஹேட். அதுக்கு ரெண்டே வரி."

முதல் வரி:

δ̂(q, ε) = q

"எப்சிலான்னா வெற்றுச் சரம். ஒரு எழுத்தும் இல்ல. எதுவுமே படிக்கலன்னா மெஷின் இருக்கிற எடத்துலயே இருக்கும்."

இரண்டாவது வரி:

δ̂(q, wa) = δ( δ̂(q, w), a )

"சரத்தோட கடைசி எழுத்த மட்டும் பிரிச்சுக்குங்க. அதுதான் a. அதுக்கு முன்னாடி இருக்கிறதெல்லாம் w. முதல்ல w முழுக்கப் படிச்சா எங்க போய் நிக்கும்னு கண்டுபிடிங்க. அங்கயிருந்து a-வுக்கு ஒரே ஒரு அடி. w-வை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதே மாதிரிதான். அதுலயும் கடைசி எழுத்தைப் பிரி. இப்படியே ஒண்ணு ஒண்ணா உரிச்சுகினு போனா கடைசியில வெற்றுச் சரத்துல வந்து நிக்கும். அதுக்குப் பதில் முதல் வரியில இருக்கு."

"அப்ப அக்செப்ட் எப்ப மேடம்?" என்று ஒருவன் கேட்டான்.

"தொடக்க நிலையில ஆரம்பிச்சு, முழுச் சரத்துக்கும் டெல்டா ஹேட் போடு. விடையா வர்ற நிலை இரட்டை வட்டம் போட்டதா இருந்தா சரத்தை ஏத்துக்கிச்சு. இல்லன்னா இல்ல. நடுவுல எந்தெந்த நிலை வழியாப் போச்சுன்றது கணக்கே இல்ல."

மூன்றாவது பெஞ்சில் துர்கா கையைத் தூக்கினாள். களம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். வகுப்பில் நன்றாகப் படிப்பவள் அவள்தான்.

"மேடம், சாரோட பூட்டும் இந்த மாதிரி மெஷின்தான? சார் சொல்லியிருக்காரு. அதுல என்டர் பட்டனும் இல்ல, கிளியர் பட்டனும் இல்லன்னு."

மற்றவர்களும் ஜெசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா."

"நாலு அழுத்தம்னு சொன்னாரு. நீங்க ஒண்ணுதான் அழுத்துனீங்கன்னு சொல்றாங்க. எப்படி மேடம் ஏத்துக்கிச்சு?"

ஜெசி குறிப்பேட்டைத் திறந்தாள். பூட்டின் வரிசை எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு எப்படியும் பூட்டு மாறப்போகிறது என்று அட்டவணையை அப்படியே பலகையில் எழுதினாள்.

நிலை பூஜ்யம்: சிவப்பு வந்தால் ஒன்று, கறுப்பு வந்தால் பூஜ்யம்.
நிலை ஒன்று: சிவப்பு வந்தால் இரண்டு, கறுப்பு வந்தால் பூஜ்யம்.
நிலை இரண்டு: சிவப்பு வந்தால் இரண்டு, கறுப்பு வந்தால் மூன்று.
நிலை மூன்று: சிவப்பு வந்தால் நான்கு, கறுப்பு வந்தால் பூஜ்யம்.
நிலை நான்கு: சிவப்பு வந்தால் இரண்டு, கறுப்பு வந்தால் பூஜ்யம்.

"கிளியர் பட்டன் இல்லன்னா என்ன அர்த்தம்? மாட்டின நாள்லேருந்து யார் யார் அழுத்தினாங்களோ எல்லாம் சேர்ந்து ஒரே சரம். வருஷக் கணக்கா நீளுற ஒரே சரம். நான் நேத்து அழுத்தினது அதோட கடைசி எழுத்து, அவ்வளவுதான்." பலகையில் தான் எழுதிய இரண்டாவது வரியை அவள் பார்த்தாள். a தன்னுடையது. w தன்னுடையது அல்ல. "நான் அழுத்தினது சிவப்பு, சன்ன சத்தம் கேட்டுது. தாழ் வெலகுச்சு. அப்படின்னா இப்ப நிலை நாலு. நாலுக்கு எங்கயிருந்து வர முடியும்?"

"மூணுலேருந்து மட்டும்தான் மேடம்" என்றாள் துர்கா.

"மூணுக்கு?"

"ரெண்டுலேருந்து, கறுப்பு."

"ரெண்டுக்கு?"

துர்கா அட்டவணையை ஒரு நிமிடம் பார்த்தாள். "ஒண்ணு, ரெண்டு, நாலு, இந்த மூணு நிலையிலேருந்தும் வரலாம், ஆனா எல்லாத்துக்கும் சிவப்புதான் வரணும். அந்த மூணு நிலைக்கும் வர்றதுக்கும் கடைசி எழுத்து சிவப்புதான்." அவள் குரல் இறங்கியது. "அப்ப உங்களுக்கு முன்னாடி கடைசி மூணு அழுத்தம் சிவப்பு, சிவப்பு, கறுப்பு. வேற எதுவும் இருக்க முடியாது."

"சரி. அதுக்கப்புறம் நாலு மாசம் யாரும் தொடல. போஸ்டர் மூடியிருந்துச்சு. நாலு மாசமும் மெஷினுக்கு என்ன போச்சு?"

ஜெசியே பலகையில் முதல் வரியைத் தொட்டாள்.

"எதுவும் போகல. அதனால எதுவும் மாறல. ஒரு நொடின்னாலும் நாலு மாசம்னாலும் அதுக்கு ஒண்ணுதான். அழுத்தம் வந்தாத்தான் அதுக்கு நேரம்."

கடைசி பெஞ்சில் ஒருவன் மெதுவாகக் கேட்டான். "அப்ப யாரோ மூணு அமுக்கிட்டு, நாலாவது அமுக்காம போயிருக்காங்க. யாரு மேடம்? ஏன் போனாங்க?"

அவன் கேட்டது சாதாரணமான கேள்வி. ஆனால் அதைக் கேட்டதும் ஜெசி சாக்பீஸை மேசைமேல் வைத்தாள். மார்ச் மாதத்தில் அருள்பிரகாஷ் இறந்துபோன அந்தப் பகல் அவளுக்கு நினைவு வந்தது. அன்று போளூரில் ஒரு கல்லூரியில் செய்முறைத் தேர்வு. அதை நடத்தப் போக வேண்டியவர்கள் அவளும் அவரும். அவள் காலையிலேயே போய்விட்டாள். மதியத் தேர்வு தொடங்கும் நேரமாகியும் அவர் வரவில்லை. அவள்தான் போன் செய்தாள். பேச்சுக்கு நடுவில் ஏதோ சத்தம் கேட்டது. அப்போது அது என்னவென்று அவள் நினைக்கவேயில்லை.

"இன்னிக்கு இதோட போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் வேப்பமரத்தடியில் நின்று போனை எடுத்தாள். அழைப்புகள் தானாகவே பதிவாகிற போன் அது. நான்கு மாதமாக அந்தப் பக்கமே அவள் போகவில்லை. மார்ச் மாதம் வரைக்கும் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அவர் பெயர். ஒரு மணி நாற்பத்தேழு. முப்பத்தெட்டு விநாடி.

காதில் வைத்துக் கேட்டாள்.

"சார், எங்க இருக்கீங்க? பசங்கெல்லாம் உக்காந்துட்டாங்க."

"லேப்லதான் ஜெசி. கெளம்பிட்டேன். ரூமத் தொறந்து ஒண்ணு எடுத்துகினு..." பீப். பீப். இரண்டும் மெல்லியவை. பிறகு ஒரு தடித்த பீப்.

"சார், அப்புறம் எடுத்துக்கலாம் சார். எச்.ஓ.டி. நின்னுகினு இருக்காரு. ஜல்தியா வாங்க, ப்ளீஸ்."

"சரி சரி, வந்துட்டேன். கத்தாத."

செருப்புச் சத்தம். வேகமாக நடக்கும் சத்தம். அழைப்பு அறுந்தது.

ஜெசி அதை மூன்று முறை கேட்டாள். நான்காவது சத்தத்துக்காக ஒவ்வொரு முறையும் காது காத்திருந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அவள் குரல்தான் வந்தது.

முதல்வரிடம் அவள் பாதியைத்தான் சொன்னாள். இயந்திரம் மூன்றாவது நிலையில் நின்றிருந்தது, ஒரு சிவப்பு போதுமானதாக இருந்தது, பேய் எல்லாம் இல்லை. "அப்படிப் போடு! இத அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடும்மா" என்று அவர் நிம்மதியாகிவிட்டார். மூன்று அழுத்தம் யாருடையது என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் அமலி வந்தாள். அருள்பிரகாஷின் மனைவி. படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நெற்றியில் வியர்வை. பை தோளிலேயே இருந்தது. ஆய்வகத்து வாசலில் நின்று ஜெசியைப் பார்த்தாள்.

"ஜெசி, கோயில்ல பேசிக்கிறாங்க. அவரு வந்து கதவத் தொறந்தாருன்னு. எங்க மாமியாரு நேத்துலேருந்து சாப்பிடல. ஃபாதர் கிட்ட பூசை வெக்கணும்னு சொல்லிகினு இருக்காங்க. நீதான் கூட இருந்தியாமே. நெசமா?"

"இல்ல அமலிக்கா. அவரு தொறக்கல."

"பின்ன யாரு?"

ஜெசி அவளை உட்காரச் சொன்னாள். அமலி உட்காரவில்லை. வகுப்பில் சொன்னதையே ஜெசி எளிமையாகச் சொன்னாள். இந்தப் பூட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசாக ஆரம்பிக்கத் தெரியாது. யார் எங்கே விட்டார்களோ அங்கிருந்துதான் அடுத்தவர் தொடர வேண்டும். இதுவரை வந்த அழுத்தங்கள் எல்லாம் ஒரே ஒரு நிலையாகச் சுருங்கி அதற்குள் இருக்கும். எத்தனை பேர், எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கடைசி அழுத்தத்துக்குப் பிறகு நிற்கிற நிலை சரியானதாக இருந்தால் கதவு திறக்கும். முதல் மூன்று அழுத்தமும் ஏற்கனவே போயிருந்தது. தான் தெரியாமல் அழுத்தியது நான்காவது.

அமலி கவனமாகக் கேட்டாள். ஆசிரியை அல்லவா, நடுவில் எதுவும் பேசவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"அந்த மூணும் யாரு அழுத்தினதுன்னு மெஷினுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. எந்த நிலையில நிக்கிதுன்னு மட்டும்தான் தெரியும்."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்? ஏற்கனவே போயிருந்துச்சுன்னு அவ்ளோ உறுதியா சொல்றியே. அவரு செத்ததுக்கு அப்புறமும் வந்து அழுத்தியிருக்கலாமில்ல?"

இங்கே நிறுத்திக்கொள்ள ஜெசிக்கு வழி இருந்தது. யாரோ மாணவர்கள் போஸ்டர் ஒட்டும்போது பட்டிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அமலி நம்பியிருப்பாள், அல்லது பூசை வைத்திருப்பாள். எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல அவளால் முடியவில்லை.

போனை எடுத்து மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

"அக்கா, இது அன்னிக்கு நான் பண்ண கால்."

அவர் குரல் ஆய்வகத்தில் ஒலித்தது. வாசலில் நின்ற அய்யாக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டார். லேப்லதான் ஜெசி. கெளம்பிட்டேன். பீப், பீப், பீப். பிறகு ஜெசியின் அவசரமான குரல். கத்தாத. செருப்புச் சத்தம்.

அமலி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பதிவு முடிந்ததும் திறந்த கதவின் வழியாக உள்ளே பார்த்தாள். மேசைமேல் ஹெல்மெட். வாசலைப் பார்த்தபடி.

"ஒண்ணு எடுத்துகினுன்னு சொன்னது அதத்தானா?"

"ஆமாக்கா. ஒரே ஒரு அழுத்தம். நான் ரெண்டு செகண்ட் சும்மா இருந்திருந்தா..."

அமலி அவளைத் திட்டவில்லை. அழவுமில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. உள்ளே போய் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். உள்பக்கத்துப் பஞ்சில் ஒட்டியிருந்த ஒரு முடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஹெல்மெட்டைப் பையில் வைக்கப் பார்த்தாள். கொள்ளவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இத எப்படிப் பூட்டுறது?"

"கதவச் சாத்திட்டு கறுப்ப அழுத்தினா பூட்டிக்கும். பூஜ்யத்துக்குப் போயிடும்."

அமலி கதவை இழுத்துச் சாத்தினாள். பாதி போஸ்டர் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. கறுப்புப் பொத்தானை அழுத்தினாள். தடித்த சத்தம். தாழ் விழுந்தது. பிறகு யாரும் சொல்லாமலே, பதிவில் கேட்ட அதே இடைவெளியில், அவள் விரல் நகர்ந்தது. மெல்லிய பீப். மெல்லிய பீப். தடித்த பீப். அங்கே நின்றது. விரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் இருந்தது.

அவர் நின்ற இடம் அதுதான். அதே தரையில், அதே தூரத்தில். பக்கத்தில் யாரோ மூன்றாவதாக நிற்பதுபோல ஜெசிக்கு ஒரு உணர்வு. அதன் பிறகு செருப்புச் சத்தம் கேட்கும் என்று காது தானாகவே எதிர்பார்த்தது.

"இப்ப இது அன்னிக்கு இருந்த மாதிரியேதான் இருக்குதா?" என்றாள் அமலி.

"ஆமாக்கா. ஒரு வித்தியாசமும் இல்ல."

"அவரு அழுத்தினது, நான் அழுத்தினது, ரெண்டும் இதுக்கு ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்."

"இப்ப அது இன்னா பண்ணுது? காத்துகினு இருக்குதா?"

ஜெசி யோசித்துப் பார்த்தாள். "இல்லக்கா. காத்திருக்கல்லாம் அதுக்குத் தெரியாது. மூணுல நிக்கிது. அவ்ளோதான்."

அமலி விரலை எடுத்துக்கொண்டாள். நான்காவதை அழுத்தவில்லை. "நாலரைக்கு படவேடு பஸ்ஸு. அத உட்டா ஏழுக்குத்தான்" என்றாள். "மாமியாரு கிட்ட நானே சொல்லிக்கிறேன். அந்த ரெக்கார்டிங்க எனக்கு அனுப்பு. உன் போன்லேருந்து அழிச்சிடாத." வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். "உன்ன இன்னா சொல்றதுன்னு எனக்கு இப்பத் தெரியல ஜெசி. தெரியும்போது சொல்றேன்."

ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்து போனாள். அவள் போன பிறகும் ஜெசி வெகுநேரம் அங்கேயே நின்றாள். பச்சை விளக்கு இப்போது மறைப்பில்லாமல் நேராக எரிந்தது.

நாலே முக்காலுக்கு முதல்வர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். மூன்று வருடப் பதிவேடுகளை இன்றைக்கே மேலே கொண்டுவரச் சொன்னாராம்.

"தொறங்க மேடம்" என்றார் அய்யாக்கண்ணு. பயந்தாலும் ஓடவில்லை. தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றார். "இன்னும் ஒரு செவப்புதான? அமுக்குங்க, முடிஞ்சுது."

அவர் சொன்னது சரிதான். ஒரு சிவப்பு போதும், கதவு திறந்துவிடும். ஜெசி சிவப்புப் பொத்தான் வரைக்கும் கையைக் கொண்டுபோனாள். அழுத்த முடியவில்லை. அந்த மூன்று அழுத்தங்களின் மேல் இன்னொரு முறை தன் விரலை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கறுப்பை அழுத்தினாள். தடித்த சத்தம் வந்தது. மூன்றிலிருந்து பூஜ்யம்.

"இன்னா மேடம், கெடுத்துட்டீங்க?"

"கெடல. முதல்லேருந்து அழுத்துறேன்."

சிவப்பு. சிவப்பு. கறுப்பு. பதிவில் கேட்ட மூன்று சத்தங்களும் அதே வரிசையில் அவள் விரலிலிருந்தே வந்தன. மூன்றாவது முடிந்ததும் முதுகுப் பக்கம் காற்று குளிர்ந்ததுபோல் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, அந்த இரண்டு விநாடியைச் சும்மா விட்டாள்.

பிறகு சிவப்பை அழுத்தினாள். தாழ் விலகியது.

அய்யாக்கண்ணு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போனார். "எந்த வருஷத்துலேருந்து எடுக்கணும் மேடம்?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.